வட்டி வீதம் மாறாத நாளிலும் முறிச் சந்தை ஏன் அசைகிறது?

பாமன்கடைக் கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். நிறுவனத்தின் கையில் தங்கும் மேலதிகப் பணத்தைத் திறைசேரி உண்டியல்களில் இடுவது என் பொறுப்பு. இலங்கை மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபை ஓரிரவுக் கொள்கை வீதத்தை அப்படியே விட்டுவைத்த நாள்களிலும், காலையில் அறிக்கை வெளியாகிச் சிறிது நேரத்துக்குள் முதனிலை வணிகர்கள் தொலைபேசியில் சொல்லும் விளைவு வீதம் முந்திய நாளினதாக இருப்பதில்லை. ஏன் என்று கேட்டால், அறிக்கையின் தொனி மாறிவிட்டது என்கிறார்கள். அறிக்கையை இரண்டு தடவை வாசித்தும் எனக்கு எந்தத் தொனியும் கேட்கவில்லை.

எனக்குள்ள கேள்வி இதுதான். வீதம் மாறவில்லையென்றால் சந்தை எதை வைத்து விலையை மாற்றுகிறது? இந்தப் பேச்சுகளில் அடிக்கடி வரும் "நடுநிலை வட்டி வீதம்" என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அது எங்கே பிரசுரமாகிறது? பாடநூல் விளக்கம் வேண்டாம். உண்மையில் நடந்த ஒன்றை வைத்து யாராவது சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்

இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நடுநிலை வீதம் என்பது பொருளாதாரத்தை வேகப்படுத்தாமலும் பிடித்து இழுக்காமலும் இருக்கும் வீதம். மத்திய வங்கியிடம் அந்த இலக்கம் இருக்கிறது. கொள்கை வீதத்தைப் படிப்படியாக அங்கே கொண்டுபோய் நிறுத்துவதே அவர்களின் வேலை. வெளியே சொன்னால் எல்லோரும் முன்கூட்டியே அங்கே போய்விடுவார்கள் என்பதனால் சொல்வதில்லை. பெரிய வணிகர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. நீங்களும் நானும் கடைசியில்தான் அறிகிறோம்.

கோட்டை ஓய்வாளர்

மேலே சொல்லப்பட்டதில் முதற்பாதி சரி, மறுபாதி சரியில்லை. நான் ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவில் நெடுங்காலம் முறி வாங்கி விற்றவன். நடுநிலை வீதம் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கும் இலக்கம் அன்று. அதை நேரடியாக அளக்க எந்த வழியும் இல்லை. மத்திய வங்கியும் மதிப்பிடுகிறது, வணிகரும் மதிப்பிடுகிறார், இருவரும் பிழைவிடுகிறார்கள். அந்த மதிப்பீடு எவ்வளவு தளர்வானது என்பதையும், அதைப் பற்றிய ஒரு வசனம் சந்தையை எவ்வளவு அசைக்கிறது என்பதையும் 2018ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்காவில் நடந்ததைப் போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை. எனவே அதையே சொல்கிறேன்.

அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ் தன் கொள்கை வீதத்தை 2.00 முதல் 2.25 சதவீதம் என்ற வரம்புக்கு உயர்த்தியது. அதே கூட்டத்தில், நீண்ட காலத்தில் வீதம் எங்கே நிலைகொள்ளும் என்று ஒவ்வோர் உறுப்பினரும் கருதுவதையும் வெளியிட்டார்கள். அந்தக் கருத்துகள் 2.5 முதல் 3.5 சதவீதம் வரை பரந்திருந்தன. நடு மதிப்பு 3.0. ஆகவே, கொட்டாஞ்சேனை நண்பர் கேட்கும் "இரகசிய இலக்கம்" வெளியிலேயே இருந்தது. ஆனால் அது இலக்கமாக இல்லாமல், ஒரு முழுச் சதவீதம் அகலமான பட்டையாக இருந்தது.

ஒக்டோபர் 3ஆம் திகதி ஒரு மேடை நேர்காணலில் தலைவர் ஜெரோம் பவல், நாம் நடுநிலையிலிருந்து இன்னும் நெடுந்தொலைவில் இருக்கிறோம், அநேகமாக, என்ற பொருள்படச் சொன்னார். நவம்பர் 28ஆம் திகதி நியூயோர்க் பொருளாதாரக் கழகத்தில் ஆற்றிய உரையில், வட்டி வீதங்கள் நடுநிலை பற்றிய மதிப்பீடுகளின் பரந்த வரம்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன என்றார். இந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் கொள்கை வீதம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்தப் பட்டையையும் யாரும் திருத்தி எழுதவில்லை. ஆனாலும் நவம்பர் உரையன்று டவ் ஜோன்ஸ் சுட்டெண் 600 புள்ளிகளுக்கு மேல் ஏறியது.

இரண்டு வசனங்களும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தெரிந்தாலும், கணக்கின்படி இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லலாம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2.25இலிருந்து பட்டையின் மேல் விளிம்பான 3.5 வரை அளந்தால் ஒன்றேகால் சதவீதம் மிச்சம் இருக்கிறது. கால் சதவீதமாகக் கூட்டினால் ஐந்து உயர்வுகள். அதே இடத்திலிருந்து கீழ் விளிம்பான 2.5 வரை அளந்தால் ஒரே ஓர் உயர்வுதான் மிச்சம். எனவே நவம்பரில் மாறியது நடுநிலை பற்றிய அறிவு அன்று. பட்டையின் எந்த விளிம்பைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பது. அடுத்து எத்தனை உயர்வு வரும் என்பதற்கான சைகையாகச் சந்தை அதை எடுத்துக்கொண்டது.

மருதானை வியாபாரி

நல்ல விளக்கம், ஐயா. என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. மூன்று மாத நிலையான வைப்பில் போடுவதா, ஒரு வருடத்தில் போடுவதா என்று யோசிக்கிறேன். நடுநிலை வீதம் இப்போது எவ்வளவு என்று சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

கோட்டை ஓய்வாளர்

அந்த ஓர் இலக்கத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்பதே நான் எழுதியதன் சாரம், தம்பி. உங்கள் பணம் எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்துத் தவணையைத் தெரிவுசெய்யுங்கள்.

பாமன்கடைக் கணக்காளர்

பங்குச் சுட்டெண் உணர்ச்சியில் ஏறலாம், இறங்கலாம். என் அக்கறை உண்டியலும் முறியும் பற்றியது. "உயர்வுகள் குறையும்" என்ற எதிர்பார்ப்பு ஒரு முறியின் விளைவு வீதத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை எண்களில் காட்ட முடியுமா?

கோட்டை ஓய்வாளர்

முடியும். இரண்டாண்டு முறியை வாங்குபவர் தன் பணத்தை ஒவ்வோர் இரவும் கடன் கொடுத்து இரண்டு ஆண்டுகள் சுழற்றலாம். அல்லது ஒரேயடியாக முறியில் முடக்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே வருமானத்தைத் தராவிட்டால் பணம் ஒரு பக்கமாக ஓடிவிடும். எனவே இரண்டாண்டு விளைவு வீதம், அந்த இரண்டு ஆண்டுகளில் ஓரிரவு வீதம் எடுக்குமென எதிர்பார்க்கப்படும் பாதையின் சராசரிக்கு அருகில் வந்து நிற்கும். நீண்ட காலம் முடக்குவதற்கு வாங்குபவர் கேட்கும் மேலதிகம் இதன்மேல் வரும். இப்போதைக்கு அதை ஒதுக்கி வைப்போம்.

ஓரிரவு வீதம் இன்று 2.20 சதவீதம் என்று கொள்வோம். இரண்டு ஆண்டுகள் என்றால் எட்டுக் காலாண்டுகள். சந்தை நான்கு உயர்வுகளை எதிர்பார்த்தால் பாதை 2.20, 2.45, 2.70, 2.95 என ஏறி, மிச்ச நான்கு காலாண்டுகளும் 3.20இல் நிற்கும். சராசரி ஏறத்தாழ 2.89. இனி ஒரே ஓர் உயர்வுதான் என்று எண்ணத் தொடங்கினால், முதற்காலாண்டில் 2.20, பின்னர் ஏழு காலாண்டுகளுக்கு 2.45, சராசரி 2.42. இன்றைய வீதத்தை யாரும் தொடவில்லை, ஆனாலும் இரண்டாண்டு விளைவு வீதம் அரைச் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுகிறது. இறங்குவதற்கு ஒரு வருடம் காத்திருக்கவும் தேவையில்லை. எண்ணம் மாறிய நிமிடத்திலேயே முறியின் விலை ஏறும்; விலை ஏறினால் விளைவு வீதம் இறங்கும், விலை இறங்கினால் அது ஏறும். மூன்று மாத உண்டியலில் இந்த மாற்றம் ஏறக்குறையத் தெரியாது. ஏனெனில் இரண்டு பாதைகளும் முதற்காலாண்டில் ஒன்றே. உங்கள் நிறுவனம் 91 நாள் உண்டியலோடு நின்றுவிட்டால், அறிக்கை நாள் உங்களைப் பெரிதாகத் தொடாது. 364 நாள் உண்டியலுக்குப் போனால் தொடும்.

நடந்ததும் இந்தக் கணக்கை ஒத்ததே. 2018 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்க இரண்டாண்டு விளைவு வீதம் 3 சதவீதத்தை நெருங்கியிருந்தது. ஆண்டிறுதியில் ஏறத்தாழ 2.5. இதற்கிடையில், டிசெம்பர் 19ஆம் திகதி பெடரல் ரிசேர்வ் கொள்கை வீதத்தைக் கால் சதவீதம் உயர்த்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செயல் ஒரு திசையில், முறி மறு திசையில்.

மட்டக்குளி மாணவி

ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் கதை சற்று அளவுக்கு மிஞ்சித் துப்புரவாக இருக்கிறது. ஒக்டோபர் 3ஆம் திகதியன்று சேவைத் துறை பற்றிய மிக வலுவான தரவும் வெளியானது; பத்தாண்டு விளைவு வீதம் ஏறியதில் அதற்கும் பங்கு இருந்தது. அதன் பின்னர் பங்குகள் வீழ்ந்ததற்குச் சீனாவுடனான வர்த்தகப் பூசலும் காரணமாகச் சொல்லப்பட்டது. நவம்பர், டிசெம்பரில் விளைவு வீதம் இறங்கியதற்கு, உலகப் பொருளாதாரம் மந்தமடைகிறது என்ற அச்சமே முதன்மையானது என்று வாதிடலாம். மத்திய வங்கித் தலைவர் ஒருவர் எதைப் பேசினாலும், அந்த மாதத்தில் நடந்த அனைத்தையும் அவருடைய வசனத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் சந்தை எழுத்தாளர்களிடம் உண்டு.

ஆய்வாளர்கள் இதற்காகத்தான் அறிக்கை வெளியாவதற்குச் சற்று முன்னிருந்து அரைமணி நேரம் மட்டும் முறியும் எதிர்கால ஒப்பந்தங்களும் எப்படி அசைகின்றன என்று பார்க்கிறார்கள். அந்தக் குறுகிய இடைவெளியில் வேறு செய்தி வருவதற்கான வாய்ப்புக் குறைவு. கூர்கைனாக், சாக், சுவான்சன் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு இம்முறையைப் பயன்படுத்தி, அன்றைய வீத முடிவை விட, வருங்காலப் பாதை பற்றி அறிக்கை தந்த செய்தியே நீண்ட கால விளைவு வீதங்களை அதிகம் அசைக்கிறது என்று காட்டியது. எனவே ஐயாவின் முடிவோடு எனக்குப் பிணக்கு இல்லை. மூன்று மாத இறக்கத்தைச் சான்றாக வைப்பதோடுதான் பிணக்கு.

கோட்டை ஓய்வாளர்

அம்மணி சொல்வது நியாயம். நான் நவம்பர் 28ஐ எடுத்துச் சொன்னதும் அதனால்தான். உரை வெளியான வேளையிலேயே விலை துள்ளியது, அது அந்த நாளின் மிச்சச் செய்திகளோடு கலக்கவில்லை. ஒக்டோபர் 3க்கு அந்தத் தெளிவு இல்லை. ஆண்டிறுதி இறக்கம் முழுவதையும் பவலின் பெயரில் எழுத நான் வரவில்லை.

ஆனால் டிசெம்பர் 19ஐத் தட்டிக்கழிக்க முடியாது. அன்றைய கால் சதவீத உயர்வு பெரும்பாலானோர் எதிர்பார்த்ததே. அதில் அதிர்ச்சி இல்லை. அடுத்த ஆண்டுக்கான உயர்வுகளின் நடு மதிப்பை மூன்றிலிருந்து இரண்டாக அவர்கள் குறைத்திருந்தார்கள். தாளில் அது மென்மையான செய்தி. ஆனால் சந்தை அதைவிட மென்மையை எதிர்பார்த்திருந்தது. போதாததற்கு, செய்தியாளர் சந்திப்பில் மத்திய வங்கியின் கையிருப்பு முறிகளைக் குறைக்கும் பணி தானியங்கி முறையில் நடக்கிறது, அதை மாற்றுவதாக இல்லை என்று பவல் சொன்னார். பங்குகள் சரிந்தன. ஜனவரி 4ஆம் திகதி அட்லாண்டாவில், பொறுமையாக இருப்போம் என்றும் கையிருப்புக் குறைப்பையும் தேவையானால் மாற்றுவோம் என்றும் சொன்னதும் டவ் 700 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. பின்னர் 2019 ஜூலை இறுதியில்தான் முதல் வீதக் குறைப்பு வந்தது. அதற்குள் முறிச் சந்தை தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

வசனத்தை அதன் சொற்களால் மட்டும் அளந்தால் கணிப்புத் தவறிவிடும்; அதற்கு முந்திய நாள் சந்தை என்ன எதிர்பார்த்திருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும். "உயர்வுகளைக் குறைக்கிறோம்" என்ற அறிவிப்பு, இன்னும் அதிகம் குறைப்பார்கள் என்று நம்பியவருக்கு உயர்வுச் செய்தியாகவே போய்ச் சேரும்.

கொட்டாஞ்சேனை வாசகர்

அப்படியானால் மத்திய வங்கி வீதத்தைத் தொடவே தேவையில்லையே. வருடத்துக்கு நான்கு தடவை நன்றாக எழுதப்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டால் சந்தையே எல்லாவற்றையும் செய்துவிடும் போலிருக்கிறது. பேச்சுக்குச் செலவும் இல்லை.

மட்டக்குளி மாணவி

செலவு உண்டு, பேசியதைச் செய்யாதபோது வரும். அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். வீதத்தை உயர்த்துவதற்கான நிலைமை 2024க்கு முன் வராது என்று அந்நாட்டு மத்திய வங்கி 2021இல் திரும்பத் திரும்பச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், 2024 ஏப்ரலில் முதிரும் முறியின் விளைவு வீதத்தை 0.10 சதவீதத்தில் பிடித்து வைப்பதாகவும் அறிவித்து, தேவையானபோது அந்த முறியை வாங்கியது. 2021 ஒக்டோபர் இறுதியில் பணவீக்கத் தரவு எதிர்பார்ப்பை மீறியது. வணிகர்கள் அந்த முறியை விற்கத் தொடங்கினார்கள், மத்திய வங்கி வாங்க வரவில்லை, விளைவு வீதம் இலக்கைப் பன்மடங்கு தாண்டியது. நவம்பர் 2ஆம் திகதி இலக்கைக் கைவிட்டார்கள். 2022 மே மாதத்தில் வீதத்தையே உயர்த்திவிட்டார்கள். அந்தச் சொல்லை நம்பி வீட்டுக் கடன் பெற்றவர்களிடம் ஆளுநர் பிலிப் லோ பின்னர் பாராளுமன்றக் குழுவின் முன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

உண்மையில் அவர்கள் சொன்னது நிபந்தனையோடுதான்: சம்பளமும் பணவீக்கமும் இப்படி இருந்தால் 2024 வரை உயர்த்த மாட்டோம் என்று. கேட்டவர்கள் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள். திகதி குறித்துப் பேசும் வழிகாட்டலில் இது எப்போதும் நடக்கும். பெடரல் ரிசேர்வ் 2011 ஓகஸ்டில் "குறைந்தது 2013 நடுப்பகுதி வரை" என்று திகதி சொல்லித் தொடங்கி, 2012 டிசெம்பரில், வேலையின்மை 6.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரையும் பணவீக்க எதிர்பார்ப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டாத வரையும் என்று நிபந்தனைக்கு மாறியது தற்செயலன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீதத்தை நெடுங்காலம் தாழ்வாக வைத்திருப்போம் என்று சொன்னால், கடன் எடுக்க நல்ல நேரம் என்று ஒருவர் கேட்பார். இவர்களுக்குத் தெரிந்த ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்று இன்னொருவர் கேட்பார். 2011 ஓகஸ்ட் அறிக்கையில் வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட மந்தம் என்ற வரியும் இருந்தது. முறி விளைவு வீதம் இறங்கியதில் எவ்வளவு வாக்குறுதியால், எவ்வளவு அச்சத்தால் என்று பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம்.

தெகிவளைக் கடனாளி

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எனது வீடமைப்புக் கடனின் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். வீதத்தோடு ஒரு குறித்த விகிதத்தைச் சேர்த்து மாற்றப்படும். கொள்கை வீதம் குறையாத காலத்திலும் என் தவணைப் பணம் குறைந்தது. குறைந்த பின்னரும் ஒருமுறை சிறிது ஏறியது. வங்கி ஏதோ தவறாகக் கணக்கிட்டுவிட்டது என்றே எண்ணியிருந்தேன்.

கோட்டை ஓய்வாளர்

தவறு இருக்க வேண்டியதில்லை. அந்த வீதம், வங்கிகள் தங்களது மிகச்சிறந்த வாடிக்கையாளர்களுக்கு அந்த வாரம் உண்மையில் கொடுத்த கடன்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. மத்திய வங்கி நிர்ணயிப்பதன்று. வங்கிகளிடம் பணம் மிதமிஞ்சி இருந்தாலோ, குறைப்பு வரப்போகிறதென்று அவை கருதினாலோ, நல்ல வாடிக்கையாளரைப் பிடிக்க முன்கூட்டியே இறங்கி வரும்.

பாமன்கடைக் கணக்காளர்

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே நடுநிலையை எப்படி மதிப்பிடுவது? பணவீக்க இலக்கு 5 சதவீதம். அதன்மேல் உண்மையான வட்டி இரண்டோ மூன்றோ சேர்த்தால் ஏழு, எட்டு என்று வருகிறது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதத்தை 8 சதவீதத்தில் அறிமுகப்படுத்தி, 2025 மே மாதத்தில் 7.75 ஆக்கினார்கள். என் கணக்கு சரியென்றால் நாம் நடுநிலையில் நின்றோம், இல்லையா?

கோட்டை ஓய்வாளர்

அந்த "இரண்டோ மூன்றோ" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் கணக்கு அப்படியே நின்றுவிடும். பெடரல் ரிசேர்வ் உறுப்பினர்களே நீண்ட கால வீதத்தை 2012 ஜனவரியில் பெரும்பாலும் 4 முதல் 4.5 சதவீதம் என்று வைத்திருந்தார்கள்; 2019 நடுப்பகுதியில் நடு மதிப்பு 2.5, 2024 டிசெம்பரில் 3.0. உலகின் மிகச் செழிப்பான தரவை வைத்திருப்பவர்களின் நிலையே இது. நம்மிடம் 2022இல் உடைந்த தரவுத் தொடர் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வீதம் 7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். இவற்றை ஒரு மாதிரிக்குள் போட்டு நடுநிலையைத் தேடினால், விடை நீங்கள் எந்த ஆண்டிலிருந்து தொடங்கினீர்கள் என்பதைத்தான் சொல்லும்.

எந்தப் பணவீக்கத்தைக் கழிப்பது என்பதும் சிறிய விடயமன்று. 2025 பெப்ரவரியில் மின்கட்டணக் குறைப்பின் தாக்கத்தால் கொழும்பின் பணவீக்கம் மறை 4.2 சதவீதமாக இருந்தது. அன்றைய 8 சதவீதத்திலிருந்து அதைக் கழித்தால் உண்மையான வட்டி 12க்கு மேல். கழுத்தை நெரிக்கும் கொள்கை. இலக்கான 5ஐக் கழித்தால் 3, நடுநிலைக்கு அருகில். ஒரே நாள், ஒரே வீதம். கடனுக்கான கேள்வி அந்நாள்களில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் இரண்டாவது கணக்கையே நம்பினேன். நடுநிலையை அதன் விளைவால் அறிவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை: கடன் வேகமாக வளர்கிறதா, சட்டென ஏறியிறங்கும் விலைகளை நீக்கிய மையப் பணவீக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொழும்பு வணிகர் இன்னொன்றையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல், மே மாதங்களில் கொள்கை வீதத்தின் மேல் எல்லை 16.5 சதவீதம், 91 நாள் உண்டியல் 25 சதவீதத்துக்கு அருகில். அந்த இடைவெளி வருங்காலப் பாதை பற்றிய எதிர்பார்ப்பு அன்று. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தமது பணம் சிக்குமோ என்ற பயத்துக்கான விலை. ஜூன் முதலாம் திகதி வீதத்தை இரண்டரைச் சதவீதப் புள்ளி குறைத்தார்கள்; விளைவு வீதங்கள் இறங்கின. ஆனால் சந்தையின் கையிலுள்ள உண்டியல்களைத் தொடமாட்டார்கள் என்று ஜூன் இறுதியில் தெளிவான பின்னர்தான் பெருஞ்சரிவு வந்தது. அந்தக் காலத்து விளைவு வீத வளைகோட்டிலிருந்து மத்திய வங்கியின் மனதை வாசித்தவர்கள், உண்மையில் திறைசேரியின் மீதான அவநம்பிக்கையை வாசித்தார்கள்.

நீங்கள் தொடக்கத்தில் சொன்ன தொனியைப் பற்றி: ஓர் அறிக்கையை இரண்டு தடவை வாசிப்பதில் பயனில்லை, முந்திய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எந்த வரி காணாமற்போயிற்று, எந்தப் பெயரடை புதிதாக வந்தது என்று பாருங்கள். வணிகர்கள் செய்வது அதைத்தான். பணவீக்கம் இலக்கை நோக்கி எப்போது வரும் என்ற காலக்குறிப்பு நகர்ந்திருந்தால், அது வீத முடிவைவிடப் பெறுமதியான செய்தி.

மட்டக்குளி மாணவி

இப்படிப் பெயரடைகளைத் தேடுவதைவிட, நியூசிலாந்தும் நோர்வேயும் சுவீடனும் செய்வதுபோல் மத்திய வங்கி தானே எதிர்பார்க்கும் வீதப் பாதையை எண்களில் வெளியிடலாமே. நியூசிலாந்து 1997 முதல் வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மத்திய வங்கிக்குச் சுயாதீனத்தோடு வெளிப்படையாக இருக்கும் கடமையையும் தந்திருக்கிறது. பாமன்கடை ஐயாவைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கும் பெரிய வணிகருக்கும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

கோட்டை ஓய்வாளர்

எனக்கு உடன்பாடில்லை. மின்கட்டணம் ஒருமுறை திருத்தப்பட்டாலே நம் பணவீக்கப் பாதை புரண்டுவிடுகிறது. எண்ணில் எழுதிய வீதப் பாதையை ஒவ்வொரு கூட்டத்திலும் திருத்தினால், நாலாம் தடவை யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

மட்டக்குளி மாணவி

திருத்தினால் எதனால் திருத்தினோம் என்று எழுதலாம். நியூசிலாந்தின் பாதையும் அடிக்கடி மாறுகிறது. அதனால் யாரும் அதைப் பார்க்காமல் விடவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்

நியூசிலாந்து அண்மையில் கடன் கட்ட முடியாமல் நின்ற நாடு அன்று, தங்கச்சி. இங்கே எண் ஒன்றைப் போட்டால் அடுத்த நாளே அது வாக்குறுதி என்று பத்திரிகையில் வரும். ஆனாலும் இரகசிய இலக்கம் எதுவும் இல்லை என்பதை இன்னும் முழுமனதோடு ஏற்கவில்லை. மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவு தன் மாதிரிகளுக்காக ஏதோ ஒன்றை எழுதித்தானே வைத்திருக்கும்?

கோட்டை ஓய்வாளர்

எழுதித்தான் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி எவ்வளவு அகலமான பிழை வரம்பு போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அந்த இலக்கத்தைவிட அறிய ஆவலானது.

பாமன்கடைக் கணக்காளர்

கடந்த இரண்டு அறிக்கைகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்திருக்கிறேன். வளர்ச்சி பற்றிய பந்தியில் ஒரு வரி இடம்மாறி மேலே வந்திருக்கிறது. சொற்கள் அப்படியே இருக்கின்றன. இடமாற்றத்துக்கும் பொருள் உண்டா, அல்லது நான் இப்போது அளவுக்கு மிஞ்சித் தேடுகிறேனா?